மூடிக்கு எத்தனை ஆணி

ஜீவனஹள்ளியில் எங்கள் பட்டறையில் மரப்பெட்டி செய்யாத நாளே கிடையாது. கப்பலில் போகும் வீட்டுச் சாமான் எல்லாம் எங்கள் பெட்டிக்குள்தான். ஆனால் சொந்த மகளுக்கென்று வந்ததும் என் வீட்டுக்காரர் ஜெயவேலுவுக்கு மறை கழன்றுவிட்டது.

ஸ்வர்ணா ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குத் தனியாகப் போகிறாள். கிரைண்டர், குக்கர், மெத்தை எல்லாம் ஒரே பெட்டியில். கப்பலுக்கென்று பூச்சி சாகச் சூடேற்றி முத்திரை குத்திய மரச்சட்டம்தான் வாங்கினார். அடியில் மூன்று தடிக்கட்டைகளை நீளவாக்கில் வைத்து போல்ட் போட்டார். பிளைவுட் பலகைகளின் ஓரமெல்லாம் சட்டம். மூலைகளில் சந்திக்கும் மூன்று சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒவ்வொன்றும் பக்கத்துச் சட்டத்தோடு பிணைந்திருந்தது. அதுவரை குறை சொல்ல வாயே வரவில்லை.

சாமானை அடுக்கியதும் மூடியைப் பார்த்தேன். சுற்றிலும் உடம்பில் வளையம் வெட்டிய ஆணி, நெருக்கமாக. உள்ளே போனால் திரும்பி வராத ஜாதி.

"இன்னாங்க இது? மூடிக்கு ஸ்க்ரூ தானே போடுவோம்?"

"எங்கப்பா சுரங்கத்துல மரம் முட்டுக் குடுத்தவரு. கட்டுனது கழலக் கூடாதும்பாரு."

"இது கோலார் சுரங்கமா? அங்க இவ ஒருத்தியா நின்னு தொறக்கணும்."

லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் விடவில்லை. ஸ்வர்ணாவின் கையில் ஆணிபிடுங்கியைக் கொடுத்து, "இப்பவே தொறந்து காட்டு" என்றேன். பாவம், தொங்கினாள், உதைத்தாள். பெட்டி அடிக்கட்டையோடு ஒரு முழம் நகர்ந்தது, மூடி அசையவில்லை. லோடிங் ஆள் மைக்கேல்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜெயவேலுவும் முதலில் பெருமையாகத்தான் சிரித்தார்.

"தொறக்க முடியலன்னா இன்னாப்பா பண்றது?" என்றாள் மகள்.

"எனக்குப் போன் பண்ணு. எங்க நெம்பணும்னு நான் சொல்றேன்."

"அதுக்கா இவ்ளோ ஆணி?"

அவர் குனிந்து தரையில் கிடந்த ஆணி ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "வேற எதுக்குடி அங்க உனக்கு அப்பா வேணும்? ஊசி போடவா?"

எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஸ்வர்ணா பெட்டி மேலேயே உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்தாள். "ஸ்க்ரூ போட்டாலும் கூப்பிடுவேன்பா. ரசம் புளிச்சா கூட உன்னைத்தான்."

"ரசத்துக்கு என்னைக் கூப்பிடு," என்றேன்.

பிறகு மூன்று பேரும் குந்தி ஆணிகளைப் பிடுங்கினோம். அவர் வாஷர் வைத்து ஸ்க்ரூ ஏற்றினார். கடைசி மூலைக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு, தமயந்தி."

சுத்தியலை எடுத்து நானே கொடுத்தேன்.