என்னைக் கேளுங்கள்

லாரி டிரைவர் தேர்வு நுழைவுச் சீட்டை நீட்டினார். சீட்டின் ஓரம் வியர்வையில் ஊறிச் சுருண்டிருந்தது. வாசலில் நின்ற டீச்சர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மீசை எங்க போச்சு?"

"எடுத்துட்டேன் டீச்சர். மூணாவது தடவை எழுதறேன். ராசியாவது மாறட்டும்னு."

"மீசை போனா பரவாயில்ல, கையெழுத்து மாறாம இருந்தா சரி. சாப்பிட்டீங்களா?"

"ஒரு இட்லிக்கு மேல இறங்கல டீச்சர்."

தனித்தேர்வர்களுக்கான அறை அது. பாதியில் பள்ளியை விட்டவர்கள், தோற்றவர்கள், பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டவர்கள். பலர் அவளைவிட மூத்தவர்கள். வீட்டில் பிள்ளைகளை அதட்டுகிறவர்கள் இங்கே வாசலில் பிள்ளைகளாக நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் அதையே சொன்னாள், ஆனால் ஒப்பிக்காமல், முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "போனை வெளிய பையில வச்சுட்டீங்களா? உங்க நம்பர் மேசையில ஒட்டியிருக்கு. கேள்வித்தாள் வந்ததும் எழுத ஆரம்பிக்காதீங்க, முதல்ல படிக்கத்தான் நேரம். கூடுதல் தாள் வேணும், தண்ணி வேணும், தலை சுத்துது, அச்சு சரியா விழல, எதுன்னாலும் கையைத் தூக்குங்க. பக்கத்துல இருக்கறவங்களைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க. கேள்விக்கு அர்த்தம் மட்டும் கேக்காதீங்க, அதை நான் சொல்லக் கூடாது."

கடைசியாக ஒரு பெண் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர்கள் போடும் நீலக் கோட்டு. இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள்.

"மாத்த நேரமில்ல டீச்சர். இதோட உள்ள விடுவாங்களா?"

"பரீட்சை உங்களுக்குத்தானே, கோட்டுக்கு இல்லையே. வாங்க."

மூச்சு வாங்கியபடி அவள் சொன்னாள், இந்த ஒரு பாடம்தான் பாக்கி, அறிவியல். தேறினால் ஆய்வகத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, மேற்பார்வையாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளே போகக் காலெடுத்தவள் திரும்பினாள். "ஏதாச்சும் பிரச்சனைன்னா உங்களைத்தானே கேக்கணும்?"

"என்னைத்தான். வேற யாரையும் இல்ல."

கேள்வித்தாள் உறையை எல்லோர் முன்னும் காட்டி, பிரிக்கப்படவில்லை என்று இருவரிடம் கையெழுத்து வாங்கிப் பிரித்தாள். மணி அடித்தது. சிறிது நேரத்தில் அறையில் பேனாக்களின் கீறலும் மின்விசிறியின் முனகலும் மட்டும் இருந்தன. நீலக் கோட்டுக்காரி தலை நிமிராமல் எழுதினாள். அவள்தான் முதலில் கையைத் தூக்கிக் கூடுதல் தாள் கேட்டவள். டீச்சர் கையெழுத்திட்டுக் கொடுத்தபோது ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான், மறுபடி தலை கவிழ்ந்துவிட்டது.

டிரைவர் கையைத் தூக்கினார். டீச்சர் இரண்டு மேசை தாண்டுவதற்குள் அவருக்குக் குமட்டியது. வாயைப் பொத்திய விரல்களின் இடுக்கு வழியே வந்தது. விடைத்தாள் மேல், மேசை மேல், தரையில், முன்னால் இருந்தவரின் நாற்காலிக் காலில். புளித்த வாடை அறை முழுக்கப் பரவியது. பாதி மென்ற ஏதோ வெள்ளையாக விடைத்தாளின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தது. டிரைவர் அழுதுகொண்டே, "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க," என்றார்.

"ஒண்ணும் இல்ல. எந்திரிங்க. முகம் கழுவிட்டு வாங்க. உங்களுக்கு வேற தாள் தருவோம்."

மாற்று ஆள் வராமல் அவள் அறையை விட்டு நகரக் கூடாது. நடைபாதையில் நின்ற அலுவலக உதவியாளரை டிரைவருடன் குழாயடிக்குப் போகச் சொன்னாள், வழியில் முதன்மைக் கண்காணிப்பாளரையும் வரச் சொல்லி அனுப்பினாள். பக்கத்து மேசைக்காரர்களைப் பின்வரிசைக்கு மாற்றினாள்.

முதன்மைக் கண்காணிப்பாளரை எல்லோரும் அரக்கு சார் என்பார்கள். விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைப்பதை யாரிடமும் விடமாட்டார். நகக்கண்களில் எப்போதும் சிவப்பு. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றார்.

"கருமம்! பறக்கும் படை வர்ற நேரம் பாத்து!"

"சார், புது விடைத்தாள் வேணும். பழையதையும் சேர்த்துக் கட்டணும். நம்பர் ரெண்டையும் நீங்கதான் குறிக்கணும். அவருக்குப் போன நேரத்தையும்..."

"தாள் தர்றேன். நேரமெல்லாம் கிடையாது. நேரம் குடுத்தா விளக்கம் எழுதணும், விளக்கம் எழுதுனா மேல இருந்து நாலு கேள்வி வரும். முதல்ல இதை யாரு துடைக்கறது?"

கூட்டுகிற அம்மா விடுப்பு. காவலாளியைக் கூப்பிட்டார்கள். வாளியையும் துடைக்கும் துணியையும் வாசலில் வைத்துவிட்டு, "என் வேலை கேட்டுல சார்," என்று போய்விட்டார். அரக்கு சாரின் கண்கள் அறையை ஒரு சுற்றுச் சுற்றி நீலக் கோட்டில் நின்றன. முகம் தெளிந்தது.

"ஏம்மா, நீ ஆஸ்பத்திரிதானே? பழகுன கைதானே, கொஞ்சம் துடைச்சு விட்டுடு."

ஒரு கணம் டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது. ஆள் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு லேசானது. அடுத்த கணமே அந்த லேசு அவளுக்கு அருவருப்பாக இருந்தது, தரையில் கிடந்ததைவிட.

அந்தப் பெண் பேனாவை மூடினாள். கோபப்படவில்லை. கோட்டின் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள், மூளை சொல்லும் முன்பே உடம்பு எழுந்தது போல. இரண்டடி வைத்தவள் நின்றாள். அரக்கு சாரைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இதுக்குப் போற நேரத்தை எனக்குத் திருப்பிக் குடுப்பாங்களா?"

யாரும் எழுதவில்லை. எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருந்தன.

"குடுக்க மாட்டாங்க," என்றாள் டீச்சர். "நீங்க உக்காருங்க. எழுதுங்க."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள்.

"டீச்சர், நீங்க அறையைப் பாக்கணும். குனிஞ்சு துடைச்சிட்டிருந்தா இங்க காப்பி அடிப்பாங்க," என்றார் அரக்கு சார்.

"அதுவரைக்கும் நீங்க பாருங்க சார். உள்ள வாங்க. வாசல்ல நின்னா பின்வரிசை தெரியாது."

அவர் உள்ளே வந்தார். வராமல் இருக்க முடியவில்லை, இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முட்டிபோட்டுத் துடைத்தாள். முதல் பிழியலில் வாளித் தண்ணீர் மங்கியது. வெதுவெதுப்பு துணியைத் தாண்டி விரலில் பட்டது. இரண்டு முறை மூச்சை அடக்கிக்கொண்டாள். அவளுக்குச் சற்றுத் தள்ளி மெருகேறிய கருப்புக் காலணி ஒன்று அசையாமல் இருந்தது. அதன் மேல் ஒரு பொட்டுத் தெறிக்கவில்லை.

முகம் கழுவி வந்த டிரைவர் புதுத் தாளுடன் கடைசி மேசையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் மெல்ல எழுதத் தொடங்கினார்கள்.

மணி அடித்ததும் ஒவ்வொருவராகத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டிரைவர் கும்பிட்டார். நீலக் கோட்டுக்காரியின் கடைசிக் கேள்வி பாதியில் நின்றிருந்தது.

"பாஸ் மார்க் கெடைக்குமா?" என்றாள் டீச்சர்.

"தெரியல டீச்சர். அதுக்கப்புறம் மனசு நிக்கல." கூடுதல் தாளைச் சேர்த்துக் கட்டும் நூலை முடிச்சிட்டபடி அவள் கேட்டாள், "கோட்டை மாத்திட்டு வந்திருந்தா அவரு என்னைக் கூப்பிட்டிருப்பாரா?"

டீச்சர் தாள்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். எதுன்னாலும் என்னைக் கேளுங்க என்று சொன்னது அவள்தான். கேட்டாகிவிட்டது. அந்தப் பெண், "பஸ் போயிடும்," என்று கிளம்பிவிட்டாள்.

கட்டுகளை ஒப்படைக்க அலுவலக அறைக்குப் போனபோது அரக்கு மெழுகுவத்தியில் உருகிக்கொண்டிருந்தது. டீச்சர் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, நடந்ததை எழுதத் தொடங்கினாள்.

"இது எதுக்கு டீச்சர்? தூக்கிப் போடுங்க. ஒண்ணும் நடக்கலையே, நல்லபடியா முடிஞ்சுதே," என்றார் அவர், முத்திரையை அழுத்தியபடி. சிரித்தார். "டீ சொல்லியிருக்கேன். முதல்ல குடிங்க."

அவள் எழுதிக்கொண்டே போனாள். எவ்வளவு சோப்புப் போட்டும் விரலில் அந்த வாடை இருந்தது. முழங்கைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட டீயில் ஏடு திரண்டு, சுருங்கி, டம்ளரின் ஓரத்தில் ஒட்டியது.