குடில் வீடியோவின் ஆறாவது ஷாட்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சரண்யாதேவி தன் எழுத்தால் கெட்டாள்.

மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட, ஒரு குடும்பம் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதை நாலு நிமிட வீடியோவாக எடுத்துத் தரவேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டிருந்தார். கட்டக் கட்ட இயேசு பிறந்த கதையையும் எளிதாகச் சொல்லவேண்டும். "எம் பொண்டாட்டி எடிட்டர்தான சாமி" என்று அவள் புருஷன் ஜாய்சன் ஏற்றுக்கொண்டு வந்துவிட்டான். மில்லர்புரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவள் ஸ்ரீவைகுண்டத்து நெல் விவசாயி மகள், இந்துக் குடும்பம். பைபிளைத் திறந்ததே இந்தக் காரியத்துக்காகத்தான். போதாக்குறைக்கு, இந்தக் கல்யாணம் பிடிக்காமல் மூன்று வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்த அவன் அம்மா பிளாரன்ஸ், போன மாதம்தான் அதைத் திறந்திருந்தாள்.

சரண்யா இரவு பகலாக எழுதினாள். இடப்பக்கம் ஷாட், வலப்பக்கம் அதற்கான குரல். முதல் ஷாட், அட்டைப்பெட்டிகளை அடுக்கி, கசக்கிய காகிதத்தை ஒட்டி மலை செய்வது. மூன்றாவது, வைக்கோல் கூரை. ஆறாவது ஷாட்டில் நாத்தனார் மகள் மெர்லின், பிள்ளை பெற இடம் தேடும் மாதா, அவள் கணவர் சூசையப்பர் பொம்மைகளை மூன்று அட்டை வீடுகளின் வாசலுக்கு நகர்த்துவாள். அதற்கான குரல்: "ஒவ்வொரு வீடா தட்டுனாங்க. இங்க இடம் இல்லைன்னு எல்லாரும் கதவச் சாத்திட்டாங்க."

மாமியாருக்குக் கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற நல்ல குரல் என்று, பேசுகிறவர் பெயராக 'பிளாரன்ஸ்' என்றும் போட்டாள். ஜாய்சன் பிரிண்ட் எடுத்து அம்மா கையில் கொடுத்த பிறகுதான் என்ன எழுதினோம் என்பது உறைத்தது.

மறுநாள் மத்தியானம் தாள் திரும்பி வந்தது, சிவப்பு மையோடு. பதினோராவது ஷாட்டின் ஓரத்தில், 'பாலன் இயேசுவப் பாக்க வர்ற மூணு ராஜாக்களும் கொட்டகைக்குள்ள இப்பவே வரக்கூடாது. ஜனவரி ஆறுக்குத்தான் வருவாங்க. தூரத்துல நிக்கட்டும்.' பன்னிரண்டாவதில், 'பாலனை இருபத்திநாலாம் தேதி ராத்திரிப் பூசை முடிஞ்சுதான் வைக்கணும். தீவனத் தொட்டி காலியா இருக்கட்டும்.' ஆறாவது ஷாட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. வாசிக்கவில்லையா, வாசித்துவிட்டு மனதில் வைத்திருக்கிறாளா? திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

"அத்தை, ஆறாவத மாத்தி வேற தாள் எடுத்துட்டு வந்திருதேன். சத்திரம் நிறைஞ்சிருந்துச்சுன்னு மட்டும் போட்டுக்கிடலாம்."

"இருக்கத வாசிப்போம். நாளைக்குச் சாயங்காலம் சாமியார்ட்ட குடுக்கணும்லா."

குரலை முதலில் பதிந்துகொண்டு, அதன் நீளத்துக்குத் தக்கபடி காலையில் ஷாட் எடுப்பதாகத் திட்டம். உள்ளறையில் எதிரொலிக்காமல் இருக்க பீரோ மேல் போர்வை தொங்கியது. சத்தம் வருமென்று மின்விசிறியை நிறுத்தியாயிற்று. வேர்வை வழிய சரண்யா போனை மாமியாரின் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

ஐந்தாவது முடிந்தது. பிளாரன்ஸ் ஆறாவதுக்கு மூச்சிழுத்த நேரத்தில் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டது. சரண்யாவுக்கு உயிர் வந்தது.

"இந்த இடத்த விட்டுட்டு ஏழுலருந்து எடுத்துக்கிடுவோமா அத்தை?"

"ஏன், கதைல அது வேண்டாமா?"

சரண்யா மறுபடியும் பதிவை அழுத்தினாள்.

"ஒவ்வொரு வீடா தட்டுனாங்க," என்று பிளாரன்ஸ் வாசித்தாள். கோயிலில் வாசிக்கிற அதே நிதானம். "இங்க இடம் இல்லைன்னு எல்லாரும் கதவச் சாத்திட்டாங்க."

நிறுத்தினாள். சரண்யா தலையை நிமிர்த்தவில்லை. போன் திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு, தாளில் இல்லாததை பிளாரன்ஸ் சொன்னாள்.

"இடம் இருந்துச்சு பிள்ளைகளா. உள்ள இருந்தவங்களுக்குத் திறக்கத்தான் மனசு வரல."

அவ்வளவுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏழாவதுக்குப் போனாள், இடையர்களையும் வானதூதரையும் பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள்.

சரண்யா பதிவை நிறுத்தினாள். "அந்த ரெண்டு வரி எழுத்துல இல்லியே அத்தை. வெட்டிரட்டுமா?"

"நீ எழுதுனத நான் வெட்டலல்லா," என்றாள் பிளாரன்ஸ், போர்வையை மடித்துக்கொண்டே. "நான் சொன்னத நீ வெட்டாத."

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். சரண்யா மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்து, பதிவைத் திரும்ப ஓடவிட்டுக் கணக்குப் பார்த்தாள். குரல் நீண்டுவிட்டதால் படமும் நீளவேண்டும். பேனாவை எடுத்து, ஆறாவது ஷாட்டுக்கு எதிரே திருத்தி எழுதினாள்: மாதாவும் சூசையப்பரும் மூடிய கதவுக்கு முன்னால் இன்னும் எட்டு விநாடி நிற்கவேண்டும்.

அதை எழுதும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.