இந்தப் பக்கம் வாங்க

கணுக்கால் உடைந்தது விமானத்தில் அல்ல. அப்படி உடைந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது கௌரவமாக இருந்திருக்கும். பொகோட்டாவின் மழை நனைத்த நடைபாதையில், கையில் முட்டை அட்டையோடு வழுக்கி விழுந்தேன். முட்டை ஒன்றுகூடத் தேறவில்லை. நான் தேற ஐந்து மாதம் ஆயிற்று.

விமானத்தில் கேபின் தலைவி வேலை எனக்கு. பயணிகளுக்கு அது காப்பி ஊற்றுகிற வேலை. அரசாங்கத்துக்கு அது உரிமம் வாங்கிச் செய்கிற வேலை. அந்த உரிமத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். மருத்துவச் சான்றிதழும் வருடாந்திரப் பயிற்சியும் நடப்பில் இருந்தால்தான் அதற்கு உயிர் என்பது அப்புறம்தான் தெரியவரும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அது என் புகைப்படம் போட்ட வெறும் அட்டை. எனக்கு இரண்டுமே போயிருந்தன. கால் உடைந்ததும் மருத்துவத் தகுதியை நிறுத்திவைத்தார்கள். நான் படுத்திருந்தபோதே பயிற்சித் தேதியும் தாண்டிவிட்டது.

முதல் இரண்டு வாரம் கூட வேலை பார்க்கிறவர்கள் பப்பாளியும் பூவுமாக வந்தார்கள். அப்புறம் யாரையும் காணோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலில் சிநேகிதத்தைப் பணி அட்டவணைதான் தீர்மானிக்கிறது. இந்த மாதம் யாரோடு போட்டிருக்கிறார்களோ அவள்தான் உயிர்த்தோழி, அடுத்த மாதம் வேறொருத்தி. அட்டவணையில் பெயர் இல்லாதவளுக்குத் தோழிகளும் இல்லை. கணவர் என்று ஒருவர் இருந்தார், பதினோரு வருடத்துக்கு முன்பு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். தொலைவில் கூக்குத்தா நகரில் இருக்கும் தங்கை தினமும் காலையில் ரோஜாப்பூவும் மாதாவும் சேர்ந்த ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவாள். அதற்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவேன். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

போன வாரம் விமான மருத்துவர் என்னைக் குதிகாலில் நடக்கவிட்டார், ஒற்றைக் காலில் தத்தவிட்டார், காதில் கருவியை மாட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். தொண்டையையும் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, பேசாமல் இருந்தால் இப்படி ஆகும், வீட்டில் யாரோடாவது நிறையப் பேசுங்கள் என்று மருந்து எழுதுவதுபோலச் சொன்னார். அது எந்த மருந்துக்கடையில் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஆக, மீதி இருந்தது பயிற்சி. நடத்தியவன் வெய்மார். வேலைக்கு வந்த புதிதில் என்னோடு பறந்தவன், காற்றில் விமானம் கொஞ்சம் ஆடினாலே முகம் வெளுத்துவிடும். இப்போது தாடியும் விசிலுமாக எனக்கு மதிப்பெண் போடுகிறான். நான் எழுத்துத் தேர்வில் தேறினேன். புகை புகாத முகமூடியை மாட்டிக்கொண்டு நெருப்பை அணைத்தேன். பொம்மையின் நெஞ்சை அழுத்தி அதற்கு உயிர் கொடுத்தேன். கடைசியாக, விமானத்தின் உடலை மட்டும் வெட்டி வைத்ததுபோல் இருக்கும் பயிற்சிக் கூண்டுக்குள், ஆட்களை வெளியேற்றும் சோதனை.

விளக்கை அணைத்தார்கள், பொய்ப்புகை விட்டார்கள், இயந்திரச் சத்தத்தை ஒலிபெருக்கியில் அலறவிட்டார்கள். புதிய பயிற்சிப் பிள்ளைகள் பயணிகளாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரே விதி. எந்தக் குரல் கேட்கிறதோ அந்தக் குரலை நோக்கிப் போக வேண்டும், கேட்காவிட்டால் இருக்கையை விட்டு அசையக் கூடாது. முன்கதவு எனக்கு, பின்கதவு லெய்டி என்ற சின்னப் பெண்ணுக்கு.

நான் ஜன்னல் வழியே வெளியே நெருப்பு இல்லை என்று பார்த்தேன். கதவைத் திறந்தேன், பயணிகள் சறுக்கி இறங்கும் காற்றுப்பையை ஊதவைக்கிற கைப்பிடியை இழுத்தேன், ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன். கை எதையும் மறக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றுங்கள், எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், இந்தப் பக்கம் வாருங்கள் என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாரும் வரவில்லை.

புகைக்குள் காலடிச் சத்தம் கேட்டது, ஆனால் அது பின்பக்கம் போயிற்று. லெய்டியின் குரல் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருந்தது. எல்லாரும் அவளிடம் போய்விட்டார்கள். முன்வரிசைக்காரன் ஒருவன் மட்டும் என் வாயசைவைப் பார்த்துச் சந்தேகத்தோடு எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

வெய்மார் என்னைத் தனியே கூப்பிட்டான். கழுத்தில் தொங்கிய விசிலை விரல்களில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"மேடம், மூணாவது வரிசைக்கு மேல உங்க குரல் வரல. தேர்ச்சி போட முடியாது."

"இன்னொரு வாய்ப்பு இருக்குல்ல?"

"நாளைக்கு மத்தியானம். அதுலயும் ஆகலன்னா என் கையில இல்ல, மேல அனுப்பிருவேன். அவங்க அட்டவணைலேர்ந்து எடுத்துருவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஆறுதல் என்று நினைத்து இதையும் சொன்னான். "தரையிலயும் நல்ல வேலை இருக்கு மேடம். சாயங்காலம் ஆனா நிம்மதியா வீட்டுக்குப் போயிரலாம்."

அவனுக்குக் கல்யாணமாகி இரட்டைப் பிள்ளைகள். அவன் வீட்டில் நிம்மதி எங்கே இருக்கிறது என்று அவன்தான் தேட வேண்டும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் என் வீடுதான் கண்முன் வந்தது. தினமும் சாயங்காலம், தினமும் அதே வீடு. பறக்கிறபோது எத்தனை பேர் என்னைக் கூப்பிடுகிறார்கள். தண்ணீர் கேட்கிறார்கள், போர்வை கேட்கிறார்கள், திட்டுகிறார்கள். திட்டாவது கிடைக்கிறது. அந்த அட்டை செத்துப்போனால் நானும் அந்தச் சுவர்களும்தான். சம்பளத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்த வீட்டைப் பற்றித்தான் பயந்தேன்.

அன்று சாயங்காலம் வரவேற்பறையில் நின்று பயிற்சி எடுத்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி வீடு. சுவர் எவ்வளவு மெல்லிசு என்றால், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நான் மனதுக்குள் வாழ்த்துச் சொல்வேன். இப்படிக் கத்தினால் யாராவது ஓடி வருவார்கள். வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். விமானத்துக்கான பயிற்சி, மன்னித்துக்கொள்ளுங்கள், பயந்துவிட்டீர்களா, வாருங்கள், உட்காருங்கள் என்று சொல்லலாம். அடுப்பில் வெல்லத் தண்ணீர் கொதிக்கவைத்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதோடு சீஸும் கொடுப்பது வழக்கம், அதையும் நறுக்கித் தட்டில் வைத்தேன். வீட்டு உடுப்பை மாற்றி, தலையையும் வாரிக்கொண்டேன். அப்புறம்தான் ஆரம்பித்தேன்.

இந்தப் பக்கம் வாங்க என்றேன். குரல் உடைந்தது. மறுபடி கத்தினேன். மேல்வீட்டு நாய் குரைத்தது. வயிற்றிலிருந்து இழுத்து, நெருப்பு, எல்லாத்தையும் விட்டுட்டு வெளியே வாங்க, சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தினேன். நெருப்பு என்ற சொல்லைச் சும்மா விளையாட்டுக்குக் கத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன். கத்திவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடைக்கூடத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. மின்தூக்கி ஏறிப்போகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவேளை கேட்டிருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். மூன்றாவது மாடியில் டிவியை மிகவும் சத்தமாக வைத்திருக்கிறீர்கள், தயவுசெய்து குறைக்கவும். அதற்குக் கீழே ஐந்து பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

ஆக, கேட்டிருக்கிறது. எல்லாருக்கும் கேட்டிருக்கிறது.

சோபாவில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. எழுந்து நின்று, சோதனைக் கட்டளைகள் முழுவதையும் ஆரம்பத்திலிருந்து, தொண்டை எரிகிறவரை கத்தினேன். இரண்டாவது தடவை யாரும் குறைக்கச் சொல்லிக்கூட எழுதவில்லை. வெல்லத் தண்ணீரைத் தனியாகக் குடித்தேன். சீஸும் தீர்ந்தது.

மறுநாள் மத்தியானம் அதே இருட்டு, அதே புகை, அதே இயந்திர அலறல். வெய்மார் கூண்டின் நடுவில், கையில் மதிப்பெண் தாளோடு நின்றான். லெய்டியை மறுபடியும் பின்கதவில் நிறுத்தியிருந்தான். கட்டளை வந்ததும் கதவைத் திறந்து, கைப்பிடியை இழுத்து, வாயைத் திறந்தேன்.

"பெல்ட்டக் கழட்டுங்க. எல்லாத்தையும் விடுங்க. இந்தப் பக்கம் வாங்க. என் குரலப் பாத்து வாங்க!"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அது மூன்றாம் மாடிக்காரியின் குரல். முதலில் ஒரு கை புகைக்குள்ளிருந்து நீண்டது. அப்புறம் ஒரு முகம், அதன் பின்னால் இன்னொன்று. தட்டுத்தடுமாறி, இருமிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். நடிப்புதான், எனக்குத் தெரியும். மதிப்பெண்ணுக்காக வந்த பிள்ளைகள். ஆனாலும் நான் கூப்பிட்டேன், அவர்கள் வந்தார்கள். ஒரு பெண் பிடியைத் தவறவிட்டு என் தோளைப் பற்றிக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. ஐந்து மாதமாக மருத்துவர்களைத் தவிர யாரும் என்னைத் தொட்டதில்லை.

கேபின் தலைவிக்கு அங்கே ஒரே வேலைதான். வந்தவர்களை வாசலில் நிற்கவிடக் கூடாது. குதிங்க, சறுக்குங்க என்று கத்திக்கொண்டே அவளைப் பிடித்து வெளியே தள்ளினேன். அடுத்தவனைத் தள்ளினேன். என்னிடம் வந்த ஒவ்வொருவரையும் அப்படியே அனுப்பினேன்.

வரிசை தீர்ந்தது. கடைசியாக ஒரு கடமை உண்டு. உள்ளே யாரும் விடுபட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் இறங்க வேண்டும். இடைவழியில் போகிற தூரம்வரை போய், புகைக்குள் குனிந்து கூப்பிட்டேன்.

"யாராவது இருக்கீங்களா?"

பதில் இல்லை. இருக்கைகள் காலி என்று கண்ணுக்கே தெரிந்தது. திரும்பியிருக்க வேண்டும்.

"யாராவது இருக்கீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டேன்.

வெய்மார் விசிலை ஊதினான். நான் வாசலுக்குப் போய்க் கைகளை முன்னால் நீட்டிக் குதித்தேன். கீழே பாயில் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் படியிறங்கி வந்து தாளில் கையெழுத்துப் போட்டு, இன்னும் ஒரு வருடம் பறக்கலாம் மேடம் என்றான். குரல் பக்கத்துக் கட்டடத்துக்கே கேட்டிருக்கும் என்று சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எல்லாம் சரியா செஞ்சீங்க. ஒண்ணு மட்டும். உள்ள யாரும் இல்லனு தெரிஞ்சப்புறமும் ஏன் நின்னீங்க? நெசமான நெருப்பா இருந்தா அது உசுருக்கு ஆபத்து."

தொண்டை கட்டிவிட்டது, பேச முடியாது என்று கையால் காட்டினேன். அவன் நம்பிவிட்டான்.