தோலிலிருந்து எலும்புவரை

புது பிசியோதெரபிஸ்டைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இத்தனைக்கும் நான் இந்த ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன். வயிற்றெரிச்சலுக்கு என்ன சாப்பிடலாம் என்று ஊருக்கே சொல்பவன்.

அந்தப் பெண் வரும்வரை, நோயாளி இளைத்தாரா இல்லையா என்பதில் என் எடைக் கணக்குதான் கடைசி வார்த்தை. இப்போது அவள் சின்ன ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, தொடையில் வைத்து, தசையின் தடிமனைச் சொல்கிறாள். பெரிய டாக்டர் வாயைப் பிளந்து திரையைப் பார்க்கிறார். என் எடை அட்டையை ஒருநாளாவது அப்படிப் பார்த்திருப்பாரா?

ஐசியூவில் ஒரு பஸ் டிரைவர், கடுமையான நிமோனியா. நான் எழுதிக் கொடுத்த உணவு மூக்குக் குழாய் வழியே போகிறது. எடை கூடியிருந்தது. நான் மார்தட்டிக்கொள்ளும் நேரம் பார்த்து அவள் ஆரம்பித்தாள்.

"சேர்றப்ப தொடைத் தசை மூணு சென்டிமீட்டர் சார். இப்ப ரெண்டு புள்ளி நாலு."

"எடை கூடியிருக்கும்மா. தசை மட்டும் கோவிச்சுக்கிட்டு எங்க போச்சு?"

"கால் வீங்கியிருக்கே சார். அது தண்ணி எடை."

"தசை கரையுதுன்னா புரோட்டீனைக் கூட்டணும். ரவுண்ட்ஸ் முடிஞ்சு முடிவு பண்ணலாம்," என்றார் டாக்டர்.

அவள் சாப்பிடப் போன நேரம் மெஷினை எடுத்தேன். இடுப்பெலும்புக்கும் முழங்கால் சில்லுக்கும் நடுவே அவள் மார்க்கரால் வைத்திருந்த புள்ளி. ஜெல்லைத் தாராளமாக ஊற்றி, பூப்போல வைத்தேன். அழுத்தினால் தசை நசுங்கி மெலிதாகக் காட்டும். அது தெரியாத ஆளா நான்? திரையில் மேலே ஒரு கோடு, எலும்பில் ஒரு கோடு வைத்து இடைவெளியைப் பார்த்தேன். மூன்று புள்ளி மூன்று!

"என்ன சார், சிரிக்கிறீங்க?" என்றாள் டிரைவரின் மனைவி.

"தசையெல்லாம் அப்படியே இருக்கும்மா."

உடனே மகளுக்குப் போன் போட்டாள். "அப்பா எழுந்து நடப்பாராம்டி!"

டாக்டர் அறை வாசலில் அந்த ஸ்கேன் படத்தைப் பிசியோவிடம் நீட்டினேன். பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மேல் கோட்டை எங்க வச்சீங்க சார்?"

"தோல்லதான்."

"தசைக்கு மேல இந்த வெள்ளைக் கோடு இருக்கு பாருங்க. இங்கருந்து எலும்பு வரைக்கும்தான் தசை. அதுக்கு மேல கொழுப்பும் வீக்கத் தண்ணியும்."

தண்ணீரைத் தசைக் கணக்கில் எழுதியிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை, டாக்டரைக் கூப்பிடவுமில்லை. "வாங்க சார், சேர்ந்தே அளக்கலாம்." இவ்வளவு நல்ல மனசு வேறு! எரிச்சல் இரட்டிப்பானது.

மறுபடி நானே அளந்தேன். இரண்டு புள்ளி ஐந்தாவது வராதா என்று ஏங்கினேன். இரண்டு புள்ளி நாலு.

டாக்டரிடம் நானே சொல்லிப் புரோட்டீனைக் கூட்டினேன். பிறகு பிசியோவோடு டிரைவரின் மனைவியிடம் போனேன்.

"நான் சொன்னது தப்பும்மா. தசை குறைஞ்சிருக்கு."

முகம் இருண்டது. "அப்ப நடக்க மாட்டாரா?"

"நடக்க வைக்கலாம்மா. நான் சாப்பாட்டைக் கூட்டியிருக்கேன். இவங்க இன்னைலருந்து காலுக்குப் பயிற்சி கொடுப்பாங்க."

அந்த அம்மா பிசியோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் கண்ணு அவரை நடக்க வைக்கணும்!"

புரோட்டீன் என்னுடையது என்று வாய்வரை வந்தது. மென்று விழுங்கினேன்.