ஒரேயடியாக மாற்று

சிம்மக்கல்லில் வெங்காய மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். உலகத்துப் பேரறிஞர்களின் ஆங்கில ஆய்வு நூல்கள் அங்கே வந்து, பிழை நீங்கி, பக்கம் கட்டப்பட்டு, லேசான வெங்காய வாசத்தோடு வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குத் திரும்பும். வாசம் கோப்பில் ஏறாது என்பது மட்டுமே ஆறுதல்.

இந்துப்ரியா அங்கே காப்பி எடிட்டர். தகுதிகாண் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்று எழுதப்போகிறவர் மேனேஜர் செல்வக்குமார். கெட்ட மனிதர் இல்லை. பச்சை நிறத்தைக் கொஞ்சம் அதிகமாக நேசிப்பவர், அவ்வளவுதான்.

பச்சைக்குக் காரணம் ஒரு மென்பொருள். ஒரே சொல் நூலில் இரண்டு விதமாக வந்தால் 'முரண்பாடு' என்று சிவப்புக் கட்டம் போடும். கட்டம் ஒன்றும் இல்லாவிட்டால் அறிக்கை பச்சையாக வரும். பச்சை அறிக்கையோடு போகும் நூலைப் பதிப்பகம் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். செல்வக்குமார் புத்தகங்களைப் படிப்பதில்லை. அறிக்கைகளைப் படிப்பார்.

இந்த முறை வந்தது மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், ஜெயக்கொடி, எழுதிய நூல். மேற்கே உள்ள கிராமக் கோயில்களில் பாடும் ஓதுவார்களைப் பற்றியது. அர்ச்சகர் சமஸ்கிருதத்தில் ஒரு பேர் சொல்கிறார், அதே சந்நிதியில் ஓதுவார் தமிழில் ஒரு பேர் சொல்கிறார், இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் எப்படி நிற்கின்றன என்பதுதான் நூலின் வாதமே.

அதனால் நூல் வந்த முதல் வாரமே இந்துப்ரியா ஜெயக்கொடியோடு போனில் பேசி, எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று ஒரு விதிப்பட்டியல், ஸ்டைல் ஷீட், போட்டிருந்தாள். சமஸ்கிருத நூல்களிலிருந்து வரும் சொல்லுக்குச் சமஸ்கிருத முறை: Śiva. ஓதுவார் வாயிலிருந்து வரும் சொல்லுக்குத் தமிழ் முறை: Civaṉ. தமிழில் ச ஒரே எழுத்து, எப்படி ஒலித்தாலும் c. கடைசி ன-வுக்கு அடியில் கோடு. எந்த மொழிச் சொல்லோ அந்த மொழியின் விதி, நூல் முழுக்க மாறாமல். ஜெயக்கொடி வரி வரியாகப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆசிரியர் ஒப்புக்கொண்ட ஸ்டைல் ஷீட்டில் கை வைக்க வேண்டுமென்றால் ஆசிரியரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

மென்பொருளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அறிக்கை சிவப்பாகச் சிவந்து வந்தது.

"என்னம்மா இது, அம்மை போட்டாப்ல இருக்கு?" என்றார் செல்வக்குமார். "ஒரே சாமிக்கு ரெண்டு ஸ்பெல்லிங்கா?"

"ரெண்டு மொழி சார். அதான் ரெண்டு."

"படிக்கிறவனுக்குக் குழம்பாதா?"

"கலந்து போட்டாத்தான் சார் குழம்பும். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கும் ஒரே பேரைப் போட்டா பத்திரிகை சீராயிருமா?"

பக்கம் கட்டும் முத்திருளன் திரைக்குப் பின்னால் இருமினான். அது சிரிப்பு.

"எல்லாத்தையும் சமஸ்கிருதத்துக்கு மாத்திரு. அதுதான் வெளிநாட்டுக்காரனுக்குப் பழக்கம்."

"மாத்துறேன் சார். ஜெயக்கொடி மேடம் எழுதிக் கொடுத்தா."

"அவங்களை எதுக்கு இழுக்கிற? இம்புட்டு சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா நீங்களே ஒரு வார்த்தை கேளுங்களேன்."

செல்வக்குமார் கேட்கவில்லை. வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், படிப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் இருபத்தைந்து வருடம் புழங்கிய இந்துப்ரியாவை இதுவரை யாரும் முரண்பாடு என்று சிவப்புக் கட்டத்தில் அடைத்ததில்லை. அந்தத் தைரியத்தில் அவள் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது அறிக்கை பசேலென்று இருந்தது. செல்வக்குமார் அதைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷ வேலைம்மா. 'Civaṉ' இருந்த எடமெல்லாம் 'Śiva'. அதுக்கப்புறம் மிச்சம் மீதி தப்பக்கூடாதுன்னு வெறும் 'Civ'னு தேடி, 'Śiv'னு ஒரேயடியா மாத்திட்டேன். எங்க எதை மாத்தினேன்னு கோப்புல தடமும் வைக்கல. சுத்தமா இருக்கு. நீ 'சரிபார்த்தவர்' கட்டத்துல பேரைப் போடு. நான் உன் கன்ஃபர்மேஷன்ல கையெழுத்தைப் போடுறேன்."

இந்துப்ரியா முன்னுரையைத் திறந்தாள். முதல் பத்தியிலேயே பேராசிரியர் ஜெயக்கொடி, உலக வரலாற்றில் முதன்முறையாக, Śivilization பற்றி எழுதியிருந்தார்.

அவள் உருட்டிக்கொண்டே போனாள். கோயில் நில வழக்கு śivil கோர்ட்டில் நடந்தது. வெள்ளைக்காரன் śivil சர்வீசில் இருந்தான். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கலெக்டர் பூசாரியிடம் śivility-யோடு நடந்துகொண்டார். ஓதுவார்களின் தமிழ்ச் சொற்களோ தலையில் சமஸ்கிருதமும் உடம்பில் தமிழுமாக, எந்த மொழிக்காரனும் எழுதாத Śivapperumāṉ ஆக நின்றன. எல்லா நாகரிகமும் ஒன்றுபோலவே மாறியிருந்ததால் மென்பொருளுக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

"அண்ணே, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்கச் சொல்லி டிக் பண்ணலையாண்ணே?" என்றான் முத்திருளன் எட்டிப் பார்த்து.

"பண்ணியிருந்தாலும் Civilization தப்பியிருக்காது" என்றாள் இந்துப்ரியா.

செல்வக்குமார் முகம் வெங்காயம் உரித்தவர் முகம்போல ஆனது. ஆனாலும் மேனேஜர் மேனேஜர்தான். "சரி, அந்த நாகரிகத்தை மட்டும் சத்தமில்லாம சரி பண்ணிரு. சாமி பேரு இப்படியே இருக்கட்டும். அறிக்கை பச்சையாத்தான் இருக்கணும். நாலு மணிக்குள்ள போகணும்."

அவள் யோசித்துப் பார்த்தாள். சத்தமில்லாமல் சரி பண்ணினால் வேலை நிரந்தரம். நூலில் ஓதுவார் வாய் திறக்கும் இடமெல்லாம் அர்ச்சகர் குரல் வரும். கீழே 'சரிபார்த்தவர்: இந்துப்ரியா' என்று இருக்கும்.

"பேரு போட மாட்டேன் சார்."

"என்னது?"

"சரிபார்க்காததுக்குச் சரிபார்த்தேன்னு போட மாட்டேன். நேத்து வரைக்கும் தடத்தோட வச்ச கோப்பு என்கிட்ட இருக்கு. அதுக்குப் போடுறேன்."

"இந்து, யோசிச்சுப் பேசு. உன் பேப்பர் என் மேசையில இருக்கு."

"இருக்கட்டும் சார். உங்க கோப்பு என் மேசையில இருக்கு."

அவள் இரண்டு கோப்பையும் ஜெயக்கொடிக்கு அனுப்பினாள். செல்வக்குமாருக்கும் ஒரு நகல் போனது. ஒளித்து எதையும் செய்யவில்லை. கேள்வி ஒரே வரி: 'நாம் ஒப்புக்கொண்ட ஸ்டைல் ஷீட்டை மாற்றச் சொல்கிறார்கள். தங்கள் சம்மதம் உண்டா?' காரணம் சொல்லவில்லை, புகாரும் சொல்லவில்லை. Śivilization தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள்.

பார்த்துக்கொண்டது. டீ ஆறுவதற்குள் செல்வக்குமாரின் போன் அடித்தது. அவர் பேசியது மொத்தமும் "இல்ல மேடம்", "ஆமா மேடம்", "அது மென்பொருள் மேடம்". பின்னால் வந்த கடிதம் தெளிவாக இருந்தது: சம்மதம் இல்லை, இந்துப்ரியாவின் கோப்பு மட்டுமே போக வேண்டும், ஸ்டைல் ஷீட்டின் விதிகளைச் சுருக்கி 'ஒலிபெயர்ப்புக் குறிப்பு' என்று நூலின் முன்பக்கத்தில் அச்சிட வேண்டும், எதற்கு இரண்டு முறை என்று யாரும் கேட்காதபடி.

நாலு மணிக்கு நூல் போனது. Śiva ஒரு பக்கம், Civaṉ ஒரு பக்கம், அறிக்கை ரத்தச் சிவப்பு. பதிப்பகம் குறிப்பைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.

கன்ஃபர்மேஷன் வரவில்லை. கீழ்ப்படியாமைக்காகத் தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுவதாக ஆங்கிலத்தில் ஓர் உத்தரவு வந்தது. இந்துப்ரியா அதைப் படித்தாள். நான்கு பிழைகளைத் தடத்தோடு திருத்தி, 'திருத்தங்களோடு பெற்றுக்கொண்டேன்' என்று திருப்பி அனுப்பினாள்.

"ஏங்க, பொழைக்கிற எண்ணமே இல்லையா ஒங்களுக்கு?" என்றான் முத்திருளன்.

"இருக்கே. இங்கதான பொழைக்கப் போறேன்."

திங்கட்கிழமை அடுத்த நூல் வந்தது. பௌத்தம் பற்றியது, பாலியும் சமஸ்கிருதமும் பக்கத்துக்குப் பக்கம். அவள் ஸ்டைல் ஷீட்டின் முதல் வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இந்து, இதுல ஒரு எடத்துல dhammaங்கிறான், இன்னொரு எடத்துல dharmaங்கிறான். ரெண்டும் வருதும்மா!"

"வரட்டும் சார்" என்றாள் திரும்பாமல். "ரெண்டும் இருக்கும்."