சர்க்கரை போடாத பாதாம் பால்

என் கணவரின் இடுப்பைப் பற்றி அவரைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். நான் தையல்காரி. அவர் பஸ் ஓட்டுநர். அவருடைய சீருடைக் கால்சட்டையின் இடுப்புத் தையலை ஏற்கெனவே ஒரு தடவை பிரித்து அகலப்படுத்தித் தந்திருந்தேன். மறுபடியும் அதே கால்சட்டையை என் மெஷின் மேல் போட்டுவிட்டு, “துணி சுருங்கிடுச்சு போல,” என்றார். துணி சுருங்கினால் நீளத்திலும் சுருங்கும். இடுப்பில் மட்டும் சுருங்குகிற துணியை இத்தனை வருஷத் தொழிலில் நான் பார்த்ததில்லை. அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய். மூன்று மாதத்துக்கு முன்னால் டிப்போவில் எல்லா ஓட்டுநர்களுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இவருடைய அளவைப் பார்த்துவிட்டு, அடுத்த சோதனையிலும் குறையவில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொடவிடாமல் வாசல் கேட்டில் உட்கார வைத்துவிடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பஸ் ஓட்டாத என் கணவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தூக்கத்தில்கூடக் கால் பிரேக்கை மிதிக்கும் மனிதர் அவர்.

அவருடைய பலவீனம் டிப்போவுக்கு எதிரே இருக்கும் பால் கடை. அந்த டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் எல்லோரும் அந்தக் கடைக்குப் போய் ஆளுக்கொரு ரோஸ் மில்க் குடிப்பார்கள். இவர் அதைத் தினசரி வழக்கமாக்கி வைத்திருந்தார். எச்சரிக்கை வந்த அன்று, இனிமேல் ரோஸ் மில்க்கே வேண்டாம், என்றைக்காவது டிப்போ வழக்கத்துக்காக ஒன்று என்றால் ஒன்று, அவ்வளவுதான் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். நானும் வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒழித்துக்கட்டினேன்.

வாக்கை நான் நம்பினேனா என்றால், இல்லை. சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் மோந்து பார்ப்பேன். டீசல் வாசனைதான் வரும். ரோஸ் கலர் சொட்டு எங்காவது தெரிகிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பேன். ஒருநாள் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. மஞ்சள்தானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது சோதனைக்கு ரத்தம் கொடுத்ததும் எங்களுக்கான பிரதியை வாங்கி வர நானே பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை பரவாயில்லை. நிம்மதியாக மூச்சு விடும் முன்பே அங்கிருந்த பெண் அடுத்த எண்ணில் விரலை வைத்தாள்.

“இது மூணு மாசத்து சராசரிம்மா. போன தடவையைவிட ஏறியிருக்கு. டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் வாயைக் கட்டினா அந்த எண்ணு இறங்கும், இது இறங்காது. தினமும் ஏதோ உள்ள போயிட்டு இருக்கு.”

டிப்போவுக்குக் காலையிலேயே தகவல் போய்விட்டதாம். அந்தக் காகிதத்தைக் கைப்பையில் திணித்துக்கொண்டு நேராகப் பால் கடைக்கு நடந்தேன். மூன்று மாதமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறார் என்ற ஆத்திரத்தில் வழியில் இருந்த மேடு பள்ளம் எதுவும் தெரியவில்லை.

கையும் களவுமாகவே பிடித்தேன். கடை பெஞ்சில் சக ஓட்டுநர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். கையில் உயரமான கண்ணாடி டம்ளர், அதில் முக்கால்வாசி ரோஸ் மில்க். என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். மற்றவர்கள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். எல்லோர் எதிரிலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

நடுவில் புகுந்தவர் கடைக்காரர்தான். அண்ணனைத் திட்டாதீர்கள், இன்றைக்குத்தான் வண்டியை விட்டு இறக்கினார்கள், அதற்காக இவர்களெல்லாம் வாங்கிக் கொடுத்தது இது என்றார். ஆனாலும் நான் விடவில்லை. இன்றைக்கு இது சரி, மூன்று மாதமாக இவர் இங்கே குடித்தது என்ன என்று கேட்டேன்.

“ரோஸ் மில்க்கை எப்பவோ விட்டாச்சுக்கா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, பாதாம் பால்தான். அதுவும் சர்க்கரை போடாம.”

“உடம்புக்கு நல்லதுன்னுதானே குடிச்சேன்,” என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி. “இனிப்பே இருக்காது. நீ வேணும்னா குடிச்சுப் பாரு.”

குடித்துப் பார்க்காமல் விடுவேனா? அடுப்பில் அகலமான பாத்திரத்தில் மஞ்சளாகப் பால் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு டம்ளர் பிடித்து, மேலே போடும் சர்க்கரைக் கரண்டியைத் தொடாமல் அப்படியே நீட்டினார். ஒரு வாய்தான் குடித்தேன். பல் கூசியது. பாத்திரத்தில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. பால், பாதாம் பவுடர், காலையிலேயே கொட்டிக் காய்ச்சின சர்க்கரை. பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் முதலில் எழுதியிருந்தது சர்க்கரைதான், பாதாம் அதற்கப்புறம்தான் வந்தது. எல்லாம் சேர்த்தால் ஒரு டம்ளருக்கு ஐந்து கரண்டிக்குக் குறையாது என்று அவரே கணக்குச் சொன்னார். இவர் வேண்டாம் என்று சொன்னது ஆறாவது கரண்டியை.

ரோஸ் மில்க்கிலும் ஏறக்குறைய அவ்வளவுதானாம், சிரப்பில் இருக்கிறது. நிறம் வேறு, சர்க்கரை ஒன்றுதான். ஒருவர் என்றைக்கோ ஒருநாள் குடிப்பதற்குச் செய்த பானத்தை என் வீட்டுக்காரர் மருந்து மாதிரி தினமும் இரண்டு வேளை குடித்திருக்கிறார். நான் ரோஸ் கலரையே தேடிக்கொண்டிருந்தேன், மஞ்சள் கறை கண்ணெதிரில் இருந்தும்.

“நிஜமாவே உங்களுக்கு இனிக்கலையா?” என்று கேட்டேன்.

“சத்தியமா இனிக்கலை.”

அவர் பொய் சொல்லவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. தினமும் குடித்துக் குடித்து நாக்கு மரத்துவிட்டது. அவரைத் திட்டியதற்காக அல்ல, அந்த நாக்குக்காகவே எனக்கு அழுகை வந்தது.

அடுத்த சோதனை வரை அவர் கேட்டில் உட்கார்ந்தார். வண்டி உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து நின்று, கியர் மாறும் சத்தத்தைக் கேட்டுவிட்டு உட்காருவார் என்று சொன்னார்கள். மருத்துவர் மாத்திரையை மாற்றினார். காலையில் நடக்கச் சொன்னார், நானும் கூட நடந்தேன். துணைக்கா காவலுக்கா என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். பாதாமே வேண்டுமென்றால் நாலு பருப்பை ஊறவைத்துத் தோலுரித்துக் கையில் கொடுத்தேன். இருந்தாலும் சட்டையை மோந்து பார்ப்பதை நிறுத்தவில்லை. இந்தத் தடவை மஞ்சளையும் தேடினேன்.

மூன்று மாத சராசரி இறங்கியது. சாவியைத் திரும்பக் கொடுத்தார்கள். டிப்போ வழக்கப்படி எல்லோரும் பால் கடைக்குப் போனார்கள், நானும் போனேன். இன்றைக்கு ஒன்று குடிக்கலாம், நானே அனுமதி கொடுத்திருந்தேன். ரோஸ் மில்க் வந்தது. ஒரு வாய் உறிஞ்சியவர் முகத்தைச் சுளித்து டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்னய்யா இது? சர்க்கரையைக் கொட்டிட்டியா?”

எப்போதும் போடுவதுதான் என்றார் கடைக்காரர். எனக்கு நடிப்போ என்று தோன்றியது. டம்ளரைப் பிடுங்கி நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அதே பல் கூசும் இனிப்பு. திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்தார். எழும்போது கால்சட்டை இடுப்பிலிருந்து நழுவ, ஒரு கையால் பிடித்துக்கொண்டே ரோட்டைக் கடந்தார். அன்றைக்குத்தான் நம்பினேன்.