தடுப்புக்கு இந்தப் பக்கம்

இரண்டாம் பீரியட் முடிவதற்குள்ளேயே ரோஸ்லினுக்குத் தொண்டை காய்ந்து, உள்ளே மணல் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. இன்னும் நான்கு பீரியட் பாக்கி.

ஹைதராபாத் மல்காஜ்கிரியில், பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கும் பிள்ளைகளுக்கான அந்த இன்டர் காலேஜ் நடந்த கட்டடம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. உயரமான கூரை, வழவழப்பான கிரானைட் தரை, வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். ஒரு சொல் சொன்னால் அது கூரைக்குப் போய், சுவரில் மோதி, அடுத்த சொல்லின் மேல் வந்து விழும். மண்டபத்தை நடுவில் ஏழடி உயரப் பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். மேடை இருந்த பக்கம் எழுபது பிள்ளைகளுக்கு ரோஸ்லின் கணக்கு நடத்தினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் எழுபது பேருக்கு சுதர்சன் பிசிக்ஸ் நடத்தினான். அவன் இடுப்பில் ஒரு ஸ்பீக்கர் தொங்கும், வாயருகே மைக் வளைந்து நிற்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண் இரண்டிலும் சிறிய வீக்கம் என்றார். இப்போதே கவனித்தால் தானாக இறங்கும், கத்திக்கொண்டே இருந்தால் தடித்துவிடும், பிறகு ஆபரேஷனைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆபரேஷன் என்றால் அதற்குப் பின் பல நாள் வாயே திறக்கக் கூடாது. வருடக் கடைசியில் பாடம் நடத்த முடியாத கணக்கு டீச்சரை எந்தக் காலேஜ் வைத்துக்கொள்ளும்?

பேச்சுப் பயிற்சி தந்த பெண் நிறையச் சொல்லியிருந்தாள். சத்தத்துக்கு மேலே சத்தம் போடாதீங்க. எதிரொலிக்கிற இடத்தில் சத்தமாகப் பேசுவதைவிட மெதுவாக, இடைவெளி விட்டுப் பேசணும். பிள்ளைகளை நெருங்கிப் போங்க. போர்டுப் பக்கம் திரும்பி நின்று கழுத்தை முறுக்கிப் பேசாதீங்க, எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்க. செருமாதீங்க, தண்ணீர் குடிங்க. மோவாயைத் தூக்காதீங்க, முழங்காலை விறைக்காதீங்க. நடுநடுவே உட்காருங்க.

உட்கார நாற்காலி கிடையாது. டீச்சர் உட்கார்ந்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் கொள்கை. கேமராவில் பார்த்துக் குறித்துக்கொள்ள ராகவேந்திரா என்ற இன்சார்ஜ் இருந்தார்.

இடைவேளையில் ரோஸ்லின் தடுப்பைச் சுற்றிப் போனாள்.

"சார், ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க. எனக்குத் தொண்டையில பிரச்சினை."

சுதர்சனின் குடும்பம் நாலு தலைமுறையாக செகந்திராபாத். அவன் தமிழ் அவனுக்கே சொந்தமான தமிழ்; ஏன் என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது அதில் கலந்திருக்கும்.

"கைக்கு மேடம்? நீங்க கணக்கு சொல்றீங்களா, ஜெபம் பண்றீங்களான்னே எங்க பசங்களுக்குப் புரியல. இதுல நான் குறைக்கணுமா?"

"டாக்டர் சொன்னதச் சொல்லுதேன்."

"ஹவ். தொண்டை இல்லாதவங்களுக்கு நர்சரி ஸ்கூல் இருக்கு. என் ஸ்பீக்கர் பேச்சு மட்டும் நக்கோ."

முன்பெஞ்சில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவன் அவர்களை அடக்கவில்லை.

மூன்றாம் பீரியடில் ஸ்பீக்கர் முன்பைவிடக் கூடுதலாக அலறியது. 'ஃபோர்ஸ்' என்ற அவன் சொல் தடுப்பைத் தாண்டி வந்து அவள் சொன்ன 'ஆங்கிள்' மேல் உட்கார்ந்தது. ரோஸ்லின் குரலை உயர்த்தினாள். அவன் இன்னும் உயர்த்தினான். கழுத்து நரம்பு புடைக்க, மோவாய் கூரையைப் பார்க்க, நுனிக்காலில் நின்று அவள் கத்தினாள். பாடத்தைக் கத்தினாளா, அவனைக் கத்தினாளா?

பீரியட் முடிந்தபோது பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரே இறுக்கமாக வலித்தது. குடிதண்ணீர் மூலையில் நின்று வாயைத் திறந்தால் பாதிக் குரல்தான் வந்தது. அந்தப் பாதிக் குரலைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. கத்தியபோது அவளுக்கு இனித்திருந்தது. அவனை வெறுப்பதற்கு அவளிடம் வேறு கருவி இல்லை, தொண்டையைக் கொடுத்து வெறுத்திருக்கிறாள். அவன் ஒரு பைசாவும் இழக்கவில்லை, மைக்குக்கு பேட்டரி மாற்றிக்கொள்வான். இழந்தது முழுக்க இவளுடையது.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்பே பிள்ளைகளைக் கொண்டு பெஞ்சுகளை இழுத்தாள். தடுப்பருகே இருந்த வரிசைகளெல்லாம் மேடைப் பக்கம் போயின. மேடையில் கல்யாணக் காலத்துத் தடித்த வெல்வெட் திரை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பெஞ்சுகளை நெருக்கமாக மூன்று வளைவாகப் போட்டாள். சக்கரம் வைத்த போர்டைப் பக்கத்தில் நிறுத்தினாள். மேடை விளிம்பில், பாதங்கள் கீழ்ப்படியில் பதிய, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் கை தட்டினா எல்லாரும் இங்க பாக்கணும். நான் கத்த மாட்டேன். கேக்கலேன்னா கையத் தூக்குங்க."

கணக்கை முதலில் எழுதினாள், எழுதும்போது பேசவில்லை. திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் எதிரொலி அடங்கக் காத்துப் பேசினாள். பின்னால் இருந்த திரை எதிரொலியைக் கொஞ்சம் குடித்துக்கொண்டது. கடைசி வளைவிலிருந்து யாரும் கை தூக்கவில்லை.

அந்தப் பக்கம் சுதர்சன் தனியாக மாட்டிக்கொண்டான். தடுப்புக்கு இப்பால் அவள் பெஞ்சுகளை எடுத்த இடம் காலி, வெறும் தரையும் கண்ணாடியும். அவன் குரல் தடுப்பைத் தாண்டி அதில் விழுந்து உருண்டு அவனிடமே திரும்பியது. அவன் ஸ்பீக்கரைக் கூட்டினான், அது ஊளையிட்டது. மைக் வைத்துக்கொண்டும் கத்தினான். யாரோடு போட்டி என்றே தெரியாமல் நான்கு பீரியட் கத்தினான். ரோஸ்லின் அதைக் கேட்டுக்கொண்டே தண்ணீர் குடித்தாள். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை.

மத்தியானம் ராகவேந்திரா வந்தார், பின்னாலேயே சுதர்சன்.

"மேடம், காலையிலிருந்து கேமராவுல நீங்க தெரியவே இல்ல. காலி தரை தெரியுது. உட்கார்ந்து க்ளாஸ் எடுக்கறீங்களாமே?"

"இவங்க வேணும்னே பண்றாங்க," என்றான் சுதர்சன். குரல் போய்விட்டிருந்தது, காற்றாகக் கிசுகிசுத்தான். "என் க்ளாஸைக் கெடுக்கத்தான்."

"கிசுகிசுக்காதீங்க. அது தொண்டைக்கு இன்னும் மோசம்," என்றாள் ரோஸ்லின். உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் தெரிந்தவள் தெரியாதவனுக்குச் சொன்ன தோரணை அதில் இருந்தது, அது இருக்கட்டும் என்றே அவள் விட்டுவிட்டாள். அவன் முகம் கறுத்தது.

ராகவேந்திரா கூடத்தின் நடுவுக்குப் போய் நின்று, அங்கிருந்தே பேசினார். "சுதர்சன் சாருக்கு ரெண்டு நாள் பேச முடியாது. நாளைக்குத் தடுப்பை எடுத்துடறோம். நூத்திநாப்பது பேரையும் நீங்களே பாருங்க. நடுவுல நின்னு. நின்னு, புரியுதா?"

நாளைய ஆறு பீரியட் அவள் தொண்டைக்குள் ஒருமுறை ஓடி முடிந்தது. அதற்குப் பிறகு டாக்டரிடம் போக ஒன்றும் மிச்சமிருக்காது.

அவள் மேடை விளிம்பிலிருந்து எழவில்லை. பாடம் நடத்திய அதே தணிந்த குரலில் பதில் சொன்னாள்.

"என்ன? கேக்கல. சத்தமாப் பேசுங்க," என்றார் அவர்.

ரோஸ்லின் சத்தத்தைக் கூட்டவில்லை. கையால் அருகே வரும்படி காட்டினாள். எழுபது பிள்ளைகளும் அவரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் நின்றார். பிறகு ஷூ கிரானைட்டில் டக் டக்கென்று எதிரொலிக்க, பெஞ்சு வளைவுகளுக்கு நடுவே நடந்து அவள் முன்னால் வந்து நின்றார்.

"முடியாதுன்னு சொன்னேன். ஒரு செக்‌ஷன்தான். இந்த மூலையிலதான், உக்காந்துதான். பிடிக்கலேன்னா காரணத்தோட எழுதிக் குடுங்க, இப்பமே போறேன். பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கு, வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"மிரட்டறீங்களா?"

"இல்ல சார். மெதுவாத்தான பேசுதேன்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "இந்த வருஷம் முடியட்டும். அப்புறம் பார்க்கறேன்."

"சரி சார். அதுவரைக்கும் பேசுததுக்குத் தொண்டை இருந்தாப் போதும்."

அவர் திரும்பிப் போனார். ரோஸ்லின் இரண்டு முறை கை தட்டினாள்.